மண்டபம், மைக் செட், போட்டோகிராபர்: முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் முதலில் தேடுவது மண்டபத்தைத்தான். ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் மண்டபம், தை பிறந்துவிட்டால் வளர்பிறை முகூர்த்தத்துக்குக் கிடைக்காது. வைகாசி, ஆவணி, பங்குனி முகூர்த்தங்களுக்கும் பல மாதங்களுக்கு முன்பே நாள் பதிவாகிவிடுகிறது. நாள் கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டு, துண்டு ரசீதில் முன்பணம் கட்டிவிட்டு வருகிற குடும்பங்கள் ஏராளம். மைக் செட்டும் போட்டோகிராபரும் அதன்பின் தொலைபேசியிலேயே பேசி முடிக்கப்படுகிறார்கள். கல்யாணம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த முதல் பேச்சில் விட்டுப்போனவை.

மண்டபத்தில் முதலில் தெளிவாக வேண்டியது நேரம். ‘ஒரு நாள் வாடகை’ என்பது பெரும்பாலான மண்டபங்களில் முந்தின நாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில் தொடங்கி, முகூர்த்த நாள் பிற்பகல் அதே நேரத்தோடு முடிகிறது. முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்ற வழக்கத்துக்கு இது பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால், மாலை வரவேற்புக்கு அறுநூறு பேருக்குச் சாப்பாடு என்றால் சமையல்காரர் காலை பத்து, பதினொரு மணிக்காவது அடுப்பு மூட்டியாக வேண்டும். மூன்று மணிக்குத்தான் சாவி என்றால் அது நடக்காது. மேடை அலங்காரத்துக்கும் நான்கைந்து மணி நேரம் தேவைப்படும். அடுத்தடுத்த நாள் முகூர்த்தமாக இருந்தால், முந்தைய வீட்டார் காலி செய்து, கூட்டிப் பெருக்கிய பிறகே இவர்களுக்கு இடம் கிடைக்கும். ஆகவே சமையற்கூடம், மேடை, தங்கும் அறைகள் மூன்றும் எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்று தனித்தனியாக ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். காலி செய்யத் தாமதமானால் மணிக்கு எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். அது எழுதப்படாத இடத்தில் அரை நாள் வாடகை கேட்பார்கள்.

அடுத்தது இடத்தின் கொள்ளளவு. ‘ஆயிரம் பேர் உட்காரலாம்’ என்று மண்டபக்காரர் சொல்வது கல்யாணக் கூடத்தைப் பற்றி. கூட்டம் தேங்குவது சாப்பாட்டுக் கூடத்தில்தான். இலை போட்டுப் பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்துத் துடைத்து அடுத்த பந்திக்குத் தயாராக ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆகும். எழுநூறு பேர் வரும் வரவேற்பில் ஒரே நேரத்தில் 180 பேர் உட்கார முடிந்தால் நான்கு பந்தி போதும். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதே முக்காலுக்குள் முடிந்துவிடும். 120 பேருக்கே இடம் என்றால் ஆறு பந்தியாகும். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது மணி பதினொன்று. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பேருந்தைப் பிடிக்க சாப்பிடாமலேயே கிளம்பிவிடுவார்கள். மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகளை ஒருமுறை எண்ணிவிட்டு வருவது நல்லது. அந்தக் கூடம் மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருந்தால் லிஃப்ட் உண்டா, மின்சாரம் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா என்றும் கேட்க வேண்டும்.

வாடகையை ஒப்பிடும்போது ஏமாற்றுவது, சொல்லப்படும் முதல் எண். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு மண்டபம் 1,20,000 ரூபாய் கேட்கிறது, இன்னொன்று 1,60,000. நாற்பதாயிரம் மிச்சம் என்று முதலாவதை முடிவு செய்யத் தோன்றும். விவரம் கேட்டால், முதல் மண்டபத்தில் ஏசிக்கு மணிக்கு 3,000 ரூபாய்; வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்குமாக ஆறு மணி நேரத்துக்கு 18,000. மின்சாரம் யூனிட் 20 ரூபாய்; 700 யூனிட் ஓடினால் 14,000. ஜெனரேட்டர் மணிக்கு 2,000 வீதம் மூன்று மணி நேரத்துக்கு 6,000. துப்புரவும் குப்பை அகற்றுவதும் 10,000. பாத்திர வாடகை 7,000. ஆக மொத்தம் 1,75,000. இரண்டாவது மண்டபத்தில் ஏசி, ஜெனரேட்டர், துப்புரவு, பாத்திரம் எல்லாம் வாடகைக்குள்ளேயே அடக்கம். மின்சாரம் மட்டும் யூனிட் 15 ரூபாய் வீதம் 10,500. மொத்தம் 1,70,500. இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் முதலாவது 2,06,500, இரண்டாவது 2,01,190. குறைவாகச் சொன்ன மண்டபமே ஐயாயிரத்துச் சொச்சம் அதிகம் வாங்குகிறது. எந்த இரண்டு மண்டபத்தை ஒப்பிட்டாலும் இப்படி ஒரே தாளில், ஒரே மணிக்கணக்கு, ஒரே யூனிட் கணக்கு வைத்து எழுதிப் பார்த்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். யூனிட் எவ்வளவு ஓடும் என்பதைச் சமீபத்தில் அதே மண்டபத்தில் கல்யாணம் நடத்திய வீட்டாரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு விஷயம். ரசீதில் பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழில்காரர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், சிறிய மைக் செட் கடைக்கும் தனி போட்டோகிராபருக்கும் வரி இல்லாமலே பில் வரலாம். அறக்கட்டளைகளின் கோயில் வளாக மண்டபங்களில் ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி விலக்கு உண்டு. ‘பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி இல்லை’ என்ற பேரம் பல இடங்களில் நடக்கிறது. அந்த மிச்சத்துக்கு ஆசைப்படுகிறவர், பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லாமல் நிற்பார்.

வாடகைக்குள் அடக்கம் என்று சொல்லப்படும் ஜெனரேட்டர் எதையெல்லாம் ஓட்டும் என்பது தனிக் கேள்வி. பல மண்டபங்களில் அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான், ஏசி நின்றுவிடும். மின் மீட்டரின் எண்ணைச் சாவி வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் இரு தரப்பும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கைபேசியில் ஒரு படமும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். உடைந்த நாற்காலி, கறை படிந்த சுவர், கீறல் விழுந்த கண்ணாடி எல்லாவற்றையும் உள்ளே நுழையும்போதே படம் பிடித்துவிட்டால், காப்புத்தொகையில் பிடித்தம் செய்யும்போது பேச வழி இருக்கும். அலங்காரம், சமையல், மைக் செட் ஆகியவற்றுக்கு வெளியாட்களை அனுமதிப்பார்களா, அனுமதித்தால் அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பணத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும். வெளி ஆள் வந்தால் இவ்வளவு என்று தனியாக ஒரு தொகை வாங்கும் மண்டபங்கள் இருக்கின்றன. முன்பணம் கட்டியபின் இது தெரிந்தால், மற்ற இரண்டு ஒப்பந்தங்களின் கணக்கும் குலைந்துபோகும்.

ரத்து செய்வது பற்றிய வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. மங்கல காரியம் பேசும் இடத்தில் அதைக் கேட்கத் தயங்குகிறார்கள். ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். சட்டம் அந்த வரியோடு முடிந்துவிடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை முறிப்பவர் தர வேண்டியது நியாயமான இழப்பீடுதான் என்கிறது; ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை அதற்கு உச்சவரம்பு. அரசு உத்தரவோ இயற்கைச் சீற்றமோ நிகழ்ச்சியையே நடத்த முடியாதபடி செய்துவிட்டால் 56ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் கடமையை 65ஆம் பிரிவு சொல்கிறது. 2020 மார்ச் ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றபோது இந்தக் கேள்விகள் வீட்டுக்கு வீடு வந்தன. ஆனால் உரிமை சட்டத்தில் இருந்தாலும், அதைக் கேட்டு அலைய வேண்டியவர் பெண்ணையோ பிள்ளையையோ பெற்றவர்தான். ஆகவே ஒப்பந்தத்திலேயே படிப்படியாக எழுதிக்கொள்வதே வழி. ஆறு மாதத்துக்கு முன் ரத்தானால் முன்பணத்தில் பத்து சதவீதம் மட்டும் பிடித்தம், மூன்று மாதத்துக்கு முன் என்றால் கால் பங்கு, அதற்குப் பின் பாதி என்பது போல இருக்கலாம். அதே நாள் வேறு குடும்பத்துக்கு வாடகைக்குப் போய்விட்டால் சிறு பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும், நாள் மாற்றினால் முன்பணம் புது நாளுக்குச் சேர வேண்டும் என்ற இரண்டு வரிகளை நல்ல மண்டபக்காரர் மறுக்கமாட்டார். மண்டபத் தரப்பே ரத்து செய்தால் என்ன என்ற வரி பெரும்பாலான படிவங்களில் கிடையாது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்: முழுப் பணமும் ஏழு நாளில் திரும்ப வேண்டும், மாற்று மண்டபத்துக்கான கூடுதல் செலவையும் அவர்கள் ஏற்க வேண்டும்.

மைக் செட் விஷயத்தில் ‘வாட்ஸ்’ எண்ணைச் சொல்லி விலை பேசுவது வழக்கம். பத்தாயிரம் வாட்ஸ் என்று கேட்டதும் பிரமிப்பு வரும். நானூறு, ஐந்நூறு பேர் உட்காரும் மூடிய கூடத்துக்கு அந்த எண்ணால் பெரிய பயன் ஒன்றுமில்லை. மேடையில் என்ன நடக்கப்போகிறது என்பதே தேவையைத் தீர்மானிக்கிறது. மெல்லிசைக் கச்சேரி என்றால் மிக்ஸரில் எத்தனை சேனல் வேண்டும் என்று எண்ண வேண்டும். பாடுகிறவர்கள் மூவருக்கு மூன்று மைக், கீபோர்டுக்கு இரண்டு இணைப்பு, ரிதம் பேடுக்கு இரண்டு, தபலாவுக்கு இரண்டு, பேஸ் கிதாருக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று, தொகுப்பாளருக்கு ஒன்று. இதுவே பன்னிரண்டாகிவிட்டது. கைபேசியிலோ மடிக்கணினியிலோ பாட்டுப் போட இன்னும் இரண்டு. ஆக, 16 சேனல் மிக்ஸர் வேண்டும். 12 சேனல் மிக்ஸரைக் கொண்டுவந்து இறக்கினால், கச்சேரிக்கு நடுவே யாருடைய வயரைப் பிடுங்குவது என்ற வாக்குவாதம் மேடையிலேயே நடக்கும். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரும் வேண்டும். அது இல்லாதபோது வெளி ஸ்பீக்கரின் சத்தத்தை ஏற்றச் சொல்லுவார்கள். ஏற்ற ஏற்ற மைக் கூவத் தொடங்கும்.

முகூர்த்தத்துக்குத் தேவை வேறு. புரோகிதருக்குச் சட்டையில் மாட்டும் மைக் இல்லை என்றால் கார்ட்லெஸ் மைக் ஒன்று, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தனித்தனி மைக், அவற்றோடு கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மிக்ஸர் பக்கத்தில் ஓர் ஆள். கடைசியாகச் சொன்னதுதான் பல நேரம் இருப்பதில்லை. இரவு கச்சேரியை முடித்துவிட்டு ஆபரேட்டர் போய்விடுவார். காலையில் உதவியாள் தூங்கிக்கொண்டிருப்பார். எனவே ஆபரேட்டர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருப்பார் என்பது எழுத்தில் வர வேண்டும். மாற்று பேட்டரி, கூடுதல் கார்ட்லெஸ் மைக் ஒன்று, உதிரி வயர்கள் ஆகியவற்றோடு, எல்லாக் கருவிகளின் எண்ணிக்கையும் பட்டியலாக இருந்தால், வண்டியிலிருந்து இறக்கும்போதே சரிபார்க்கலாம். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது சோதனை முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, மண்டபம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதோடு பொருந்த வேண்டும். மேடைப் பக்கத்தில் எவ்வளவு மின்சுமை தாங்கும் என்று மைக் செட்காரர் முன்னதாகவே போய்ப் பார்ப்பதும் அவசியம். எல்இடி திரையும் ஸ்பீக்கரும் போட்டோகிராபரின் விளக்குகளும் ஒரே பிளக்கில் தொங்கினால், தாலி கட்டும் நேரத்தில் பியூஸ் போகும்.

ஒலிபெருக்கிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வ அனுமதி தேவை. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் வைக்கக் கூடாது. மூடிய கூடத்துக்குள் ஒலிப்பதற்கு மட்டும் இரவு நேரத் தடையில் விலக்கு இருக்கிறது. நாலரை, ஐந்து மணிக்கு முகூர்த்தம் வைக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்: வாசலில் ஸ்பீக்கர் கட்டி நாதஸ்வரம் ஒலிபரப்புவது அந்த நேரத்தில் விதிமீறல். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, காவல் துறை நிறுத்தச் சொன்னால் கட்டணம் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். பாட்டுப் போடுவதற்கு இசை உரிமம் வாங்கிவரச் சொல்லும் மண்டபங்களும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சமயச் சடங்கில் இசைப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்ற கொண்டாட்டங்களையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. இதை எடுத்துக் காட்டினால் அந்தச் செலவு மிச்சமாகும்.

மூன்றில் மிகக் கவனமாக ஒப்பிட வேண்டியது புகைப்படம். மண்டபமும் மைக் செட்டும் அன்றோடு முடிந்துவிடும். போட்டோகிராபரின் வேலை அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் ஓடும். ‘பேக்கேஜ்’ என்று ஒற்றைத் தொகை சொல்லுவார்கள். அதில் எத்தனை ஆட்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும்: சம்பிரதாயப் படத்துக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், கேண்டிட் படத்துக்கு ஒருவர், கேண்டிட் வீடியோவுக்கு ஒருவர். அவர்களில் ஸ்டூடியோவின் சொந்த ஆள் யார், அன்றைய கூலிக்கு வருகிறவர் யார்? பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ மூன்று, நான்கு கல்யாணம் எடுப்பது உண்டு. இன்ஸ்டாகிராமில் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் ஒருவர், கல்யாணத்துக்கு வந்து நிற்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. எனவே படம் எடுக்கப் போகிறவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அவர் வர முடியாமல் போனால் மாற்று ஆளைக் குடும்பம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும்.

தரத்தை அறிய, அவர் தேர்ந்தெடுத்துக் காட்டும் முப்பது படங்களைப் பார்த்துப் பயனில்லை. ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஓமப் புகையிலும் மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்திலும் முகங்கள் எப்படி வந்திருக்கின்றன, பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யும்போது யாராவது கண் மூடியிருக்கிறார்களா, தாலி கட்டும் நொடியில் குறுக்கே யார் தலையாவது மறைக்கிறதா என்பவை அதில்தான் தெரியும். அதே விதமான மண்டபத்தில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆல்பத்துக்கும் அளவு உண்டு. 12×36 அங்குலத்தில் 40 ஷீட் என்றால், ஷீட்டுக்கு மூன்று நான்கு படம் வீதம் 120 முதல் 160 படம் வரை இடம் பிடிக்கும். உறவுக்கூட்டம் பெரிதாக உள்ள வீட்டில் மேடையேறிய குடும்பப் படங்களுக்கே இது போதாது; கூடுதல் ஷீட் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தாமதம் பற்றிய தகராறில் இரு பக்கமும் குறை இருக்கும். படங்களைத் தேர்வு செய்து தராமல் மணமக்கள் மாதக்கணக்கில் இழுப்பார்கள்; அதற்குள் ஸ்டூடியோ அடுத்த முகூர்த்தங்களில் மூழ்கிவிடும். ஆகவே தேதிகள் இரு தரப்புக்கும் வேண்டும்: கல்யாணம் முடிந்து பதினைந்து நாளில் எல்லாப் படங்களும் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ வர வேண்டும், ஒரு மாதத்தில் குடும்பம் தேர்வு செய்து தர வேண்டும், அதிலிருந்து நாற்பத்தைந்து நாளில் ஆல்பம் கைக்கு வர வேண்டும். பணமும் இந்தப் படிகளோடு சேர்ந்தே போக வேண்டும். பதிவுக்கு முப்பது சதவீதம், கல்யாணத்தன்று நாற்பது, படங்கள் வந்ததும் பத்து, ஆல்பம் வந்தபின் மீதி இருபது என்பது நியாயமான பிரிவு. கல்யாணத்தன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்ட வீட்டார்தான் ஆல்பத்துக்காக ஓராண்டு அலைகிறார்கள்.

படம் தொலைந்துபோவது அரிதாகவே நடக்கும். நடந்துவிட்டால் ஈடு செய்ய முடியாது. கேமராவில் இரண்டு மெமரி கார்டு ஒரே நேரத்தில் பதிவாகிறதா, அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றிவைப்பாரா, எத்தனை மாதம் வைத்திருப்பார் என்ற மூன்று கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் அது தகும்.

படங்களின் உரிமை யாருக்கு என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் ‘படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே’ என்ற ஒரு வரி படிவத்தில் இருந்து, அதில் கையெழுத்திட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். மணப்பெண்ணின் படத்தை விளம்பரத்துக்கோ சமூக வலைத்தளத்துக்கோ போடுவதற்கு ஒவ்வொரு முறையும் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும் என்று எழுதிக்கொள்வது பாதுகாப்பு. ட்ரோன் வேண்டும் என்பவர்கள், அது பதிவு செய்யப்பட்டதா, 250 கிராமுக்கு மேல் எடையுள்ளது என்றால் இயக்குபவரிடம் சான்றிதழ் உண்டா என்று பார்க்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் மண்டபத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

முத்திரைத்தாள் இல்லை என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எல்லா நிபந்தனைகளையும் எழுதி அனுப்பி, எதிர்த்தரப்பு ‘சரி’ என்று பதில் தந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதை ஒப்பந்தமாக ஏற்கிறது. தொலைபேசியில் பேசி முடித்ததை அன்றே இப்படி அனுப்பிவைக்கலாம். பணத்தை வங்கி வழியே செலுத்தினால் தேதியும் தொகையும் பதிவாகிவிடும். பேசியபடி நடக்காமல் போனால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கல்யாணம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.